பேரு போட்டாச்சே, தம்பி!

2024 ஜனவரி. நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி. மழை பெய்து காய்ந்த தரை, பாப்கார்ன் வாசனை, ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசை திரும்பினேன். எதிரே என் படம் நின்றது. அட்டை அளவில் இல்லை, ஆள் உயரத்தில். அரங்கின் பின்சுவர் முழுக்க ஃப்ளெக்ஸாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். வேதாரண்யம் உப்பளத்தில் விடிகாலையில் எடுத்த படம் அது. பாத்தி வரப்பில் ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறார், தண்ணீரில் அவருடைய நிழல் இரண்டு மடங்கு நீளமாக விழுந்திருக்கிறது. நான் எடுத்ததில் வரப்பு இடமிருந்து வலமாக ஓடும். ஃப்ளெக்ஸில் வலமிருந்து இடமாக ஓடியது. புத்தகத்தின் பெயரை வைக்க இடம் வேண்டுமென்று படத்தையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

அரங்குக்குள் போனேன். அதே அட்டையோடு சிறுகதைத் தொகுப்பு, மூன்றாம் பதிப்பு. பக்கத்தில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, வேறொரு பதிப்பகம், அதற்கும் அதே படம். மேசையின் ஓரத்தில் புக்மார்க், ஐந்து ரூபாய். அதிலும் அதே முதுகு.

பதிப்பாளர் எனக்குத் தெரிந்தவர்தான். பெயர் வேண்டாம். நல்ல புத்தகங்கள் போடுபவர், கடன் வாங்கிப் போடுபவர். "அண்ணே, இதெல்லாம் எப்ப?" என்று கேட்டேன். அவர் ஒரு பிரதியை எடுத்து, பதிப்பு விவரப் பக்கத்தைப் பிரித்து, விரல் வைத்துக் காட்டினார்.

"பேரு போட்டாச்சே, தம்பி!"

அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் பக்கத்துத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2018 ஆகஸ்டில் அவர் போன் செய்து, "ஒரு படம் வேணும் தம்பி, நம்ம புக்குக்கு" என்றார். நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது: "எடுத்துக்கோங்க அண்ணே. பெரிய ஃபைல் மெயில்ல அனுப்புறேன்." அவ்வளவுதான். எந்தப் புத்தகத்துக்கு, எத்தனை பிரதிக்கு, எந்த மொழியில், எவ்வளவு காலத்துக்கு, என்ன தருவீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. பதிலுக்கு இரண்டு பிரதிகள் கூரியரில் வந்தன. சந்தோஷமாகத்தான் இருந்தேன். அட்டையைப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். அதற்கு முந்நூறு லைக் வந்தது.

வருடா வருடம் ஜனவரி வந்தால் தமிழ் எழுத்தாளர்கள் ராயல்டி பற்றி எழுதுகிறார்கள். பதிப்பாளர் கணக்குக் காட்டவில்லை, எத்தனை பிரதி அச்சடித்தார் என்று தெரியவில்லை, ஒப்பந்தமே கிடையாது. எல்லாம் நியாயம். அந்தப் பதிவுகளுக்கு நானும் இதயம் போட்டிருக்கிறேன். ஆனால் அதே எழுத்தாளர் தன் புத்தகத்துக்கு அட்டைப்படம் தேடும்போது என்ன செய்கிறார்? ஒரு புகைப்படக்காரனின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குள் போகிறார், ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார், வடிவமைப்பாளருக்கு அனுப்புகிறார். கொஞ்சம் நாகரிகமானவர் என்றால் டிஎம்மில் "தோழர், உங்க படம் ரொம்பப் புடிச்சிருக்கு, அட்டைக்கு வச்சுக்கலாமா?" என்று கேட்கிறார். அந்த "வச்சுக்கலாமா"வுக்கு எல்லையும் கிடையாது, காலமும் கிடையாது. தன் கதைக்கு ஒப்பந்தம் இல்லை என்று கொதிக்கிற ஆளுக்கு, அட்டையில் இருப்பதும் இன்னொருத்தரின் ஆக்கம் என்று தோன்றுவதே இல்லை.

இங்கே ஒரு சின்னக் கிளைவழி. நம் ஆட்கள் பாதிப் பேர் இதைக் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட். நாம் பேசுவது பதிப்புரிமை. பெயரையே மாற்றிச் சொல்கிற இடத்தில் உள்ளே இருப்பதை யார் படித்திருப்பார்கள்?

நான் படித்தேன். கோபத்தில் படித்தேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957. புகைப்படம் ஒரு கலைப்படைப்பு, அதை எடுத்தவரே அதன் ஆசிரியர். ஆசிரியர் வாழும் காலமும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். 2012 திருத்தத்துக்கு முன்னால் புகைப்படத்துக்கு மட்டும் தனியாக ஒரு கணக்கு இருந்தது, வெளியான நாளிலிருந்து 60 ஆண்டு என்று. கதைக்கும் கவிதைக்கும் கிடைத்தது படத்துக்குக் கிடைக்க 55 வருடம் ஆகியிருக்கிறது.

ஆனால் ஆசிரியர் வேறு, உரிமையாளர் வேறு. இந்த இடம்தான் என்னை உலுக்கியது. பிரிவு 17-இல் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், காசு வாங்கிக்கொண்டு ஒரு புகைப்படம் எடுத்தால், மாற்றாக ஒப்பந்தம் எதுவும் இல்லாதவரை, காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது பதிப்பாளர் எனக்கு மூவாயிரம் ரூபாய் கொடுத்து, "போய் உப்பளத்தை எடுத்துட்டு வா" என்று அனுப்பியிருந்தால், அந்தப் படம் பிறக்கும்போதே அவருடையது. நான் என் செலவில், என் பைக்கில், யாரும் சொல்லாமல் போய் எடுத்ததால் அது என்னுடையது. பிரிட்டனில் இருந்து வந்த பழைய ஏற்பாடு இது. அவர்கள் 1988 சட்டத்தில் இதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம். கல்யாண வீட்டில் எடுக்கும் படத்துக்கு இது சரியாகக்கூட இருக்கலாம். எழுத்தாளர்களின் முகங்களைப் பதிப்பகங்களுக்காகக் கூலிக்கு எடுத்துத் தரும் தம்பி தங்கைகளே, அந்தப் படம் உங்களுடையதாக இருக்க வேண்டுமென்றால் கேமராவை எடுப்பதற்கு முன்னால் ஒரு வரி எழுதி வாங்க வேண்டும்: உரிமை புகைப்படக் கலைஞருக்கே.

திரும்ப என் கதைக்கு வருகிறேன். புத்தகக் காட்சி முடிந்து பத்து நாள் கழித்து, நான் விடாமல் கேட்டதால், பதிப்பாளர் ஒரு 'அக்ரிமென்ட்' அனுப்பினார். ஒரே பக்கம். 2,500 ரூபாய் தருவார்கள். பதிலுக்கு நான் "உலகம் முழுவதற்கும், நிரந்தரமாக, பிரத்தியேகமாக, தற்போதுள்ள மற்றும் இனி வரக்கூடிய எல்லா ஊடகங்களிலும், எல்லா மொழிகளிலும்" அந்தப் படத்தைப் பயன்படுத்தும் உரிமையைத் தர வேண்டும். கடைசி வரியில், யாரும் கவனிக்காத இடத்தில், "சட்டத்தின் பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது" என்று இருந்தது.

ஒரு வாக்கியத்தில் மொத்தமும் போய்விட்டது. ஆனால் அவர் திருடர் என்று நான் நினைக்கவில்லை. எங்கிருந்தோ, பெரும்பாலும் ஏதோ சினிமா கம்பெனி ஒப்பந்தத்திலிருந்து, யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன விலை என்று அவருக்கும் தெரியாது, கையெழுத்துப் போடப் போகிறவனுக்கும் தெரியாது.

காலத்திலிருந்து தொடங்குகிறேன். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எந்தப் படைப்பு, என்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சரி, எழுதாமல் விட்டால்? காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கொள்ள வேண்டும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையை விற்பதற்காக எழுதப்பட்ட இந்த விதிகளை உரிமம் கொடுப்பதற்கும் பொருத்திக்கொள்ளச் சொல்கிறது பிரிவு 30ஏ. என் அசட்டு வாட்ஸ்அப் செய்தியை ஓர் உரிமம் என்றே வைத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் கொடுத்தது 2023 ஆகஸ்டோடு முடிந்தது. மூன்றாம் பதிப்பின் விவரப் பக்கத்தில் இருந்த தேதி 2023 டிசம்பர். பேரு போட்டாச்சே என்று அவர் விரல் வைத்துக் காட்டிய அதே பக்கத்தில், என் பெயருக்கு மூன்று வரி மேலே, எனக்கான சாட்சி அச்சாகியிருந்தது.

பதிப்பாளருக்கும் காலத்தில் ஒரு நியாயமான பயம் உண்டு. ஐந்து வருடம் முடிந்த மறுநாள் கிடங்கில் இருநூறு பிரதி மிச்சமிருந்தால் என்ன செய்வது, அட்டையைக் கிழிப்பதா? கிழிக்க வேண்டாம். காலத்துக்குள் அச்சடித்த பிரதிகளைத் தீரும்வரை விற்றுக்கொள்ளலாம், புதிதாக அச்சடிக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும். முன்பெல்லாம் 'இந்தப் பதிப்புக்கு மட்டும்' என்று எழுதினாலே வேலை முடிந்தது. இப்போது தேவைக்கேற்ப பத்துப் பத்துப் பிரதியாக அச்சிடுகிறார்கள். அந்தப் பதிப்பு சாகவே சாகாது. முதல் பதிப்பு என்ற பெயரிலேயே இருபது வருடம் ஓடும். அதனால் பதிப்பை மட்டும் எழுதினால் போதாது, ஆண்டையும் எழுத வேண்டும்.

நிலப்பரப்பில் நான் அவர் பக்கம் நிற்கிறேன். தமிழ்ப் புத்தகம் யாழ்ப்பாணத்துக்குப் போகும், சிங்கப்பூருக்கும் டொராண்டோவுக்கும் பெட்டியில் போகும், மின்னூலாக எங்கேயும் போகும். எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்பது அவருக்குத்தான் ஆபத்து. 'உலகம் முழுவதும்' என்று அவர் கேட்டதில் தப்பில்லை. தப்பு, அதோடு 'எல்லா மொழிகளிலும்' என்று சேர்த்ததில் இருக்கிறது. புத்தக உலகத்தில் நிலத்துக்கு வேலி மொழிதான். தமிழ்ப் பதிப்புக்கு உலகம் முழுவதையும் நான் தாராளமாகக் கொடுக்கலாம், எனக்கு ஒன்றும் குறையாது, அதே தொகுப்பை இன்னொருவர் தமிழில் போடப் போவதில்லை. ஆங்கிலம் அப்படியில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு இந்தியத் துணைக்கண்டத்துக்கு ஒரு பதிப்பகம், லண்டனுக்கு இன்னொன்று, நியூயார்க்குக்கு வேறொன்று என்று பிரிந்து போகக்கூடியது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவர் அட்டைப்படத்துக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தயாராக நிற்கலாம். எல்லா மொழியும் எல்லா நாடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் காசு முழுவதும் 2,500 கொடுத்தவருக்குப் போகும்.

என் விஷயத்தில் அதுதான் நடந்தது. காசு வாங்காமலே நடந்தது என்பதுதான் வித்தியாசம். ஆங்கிலப் பதிப்பகம் "அட்டைக்கும் அதே படத்தை வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறது. "தாராளமா" என்றிருக்கிறார் இவர். எனக்குக் கொடுத்த ஒன்றை இன்னொருவருக்கு நான் கொடுக்கலாம் என்று எங்கேயும் எழுதவில்லை என்றால், கொடுக்க முடியாது. வாடகைக்கு இருப்பவர் மாடியை உள்வாடகைக்கு விடுவதற்கு ஓனரைக் கேட்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். படம் என்றால் மட்டும் மறந்துவிடுகிறது.

வாடகை என்றதும் 'பிரத்தியேகம்' நினைவுக்கு வருகிறது. இந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் நினைத்தது, இவருக்கு மட்டும் தருகிறேன், வேறு பதிப்பகத்துக்குத் தர மாட்டேன் என்று. சட்டத்தின் விளக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிரத்தியேக உரிமம் என்றால் மற்ற எல்லோரையும் விலக்கி, உரிமையாளரையும் சேர்த்து விலக்கி, உரிமம் பெற்றவருக்கு மட்டும் தருவது. ஒத்திக்கு விட்ட வீடு மாதிரி. பத்திரம் என் பெயரில்தான் இருக்கும், ஆனால் திண்ணையில் போய்ப் படுக்க முடியாது. அந்த ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், உப்பளப் படத்தை என் கண்காட்சியில் மாட்ட அவரிடம் நான் அனுமதி கேட்க வேண்டும். எட்டு வருடமாக எடுத்துவரும் உப்பளப் படங்களை என்றைக்காவது ஒரு நூலாகப் போட்டால், அதில் இந்த ஒரு படம் மட்டும் இருக்க முடியாது. என் இணையப் பக்கத்திலிருந்துகூட எடுக்கச் சொல்லலாம்.

அவருக்கு உண்மையில் என்ன தேவை? இன்னொரு தமிழ் நாவலின் அட்டையில் அதே முதுகு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதானே. அதை எழுதலாம்: தமிழ்ப் புத்தக அட்டைக்கு மட்டும், ஐந்து ஆண்டுக்கு, பிரத்தியேகம். மற்ற எல்லாவற்றுக்கும் பொதுவானது. பிரத்தியேகத்தை இப்படி ஒரு வகைக்குள் அடைக்க முடியும் என்று சொன்னபோது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு அது ஒரு மரியாதைச் சொல் மாதிரி, 'தங்கள் உண்மையுள்ள' என்பது போல, ஒப்பந்தம் என்றால் எழுதுவது.

இப்போது அந்தக் கடைசி வரி, 19(4). உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், பயன்படுத்தாத அந்த உரிமை காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லப்படாதவரை. எல்லாவற்றையும் வாரி மூட்டை கட்டி வைத்துக்கொள்பவர்களிடமிருந்து படைப்பாளியைக் காப்பாற்றச் சட்டம் போட்ட ஒரு சின்னப் பூட்டு அது. அதைத் திறக்கும் சாவியும் அதே வாக்கியத்தில் இருக்கிறது. அதனால்தான் விவரமான ஒப்பந்தங்களில் இந்த எண் மட்டும் தனியாக வந்து உட்காரும். இளைய நண்பர்களுக்கு ஒரே ஒரு யோசனை: எந்த ஒப்பந்தம் வந்தாலும் முதலில் 19(4) என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அதை எழுதியவருக்குச் சட்டம் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார்.

ராயல்டிக்கு வருவோம். புகைப்படக்காரர்கள் இதில் கொஞ்சம் கனவு காண்கிறோம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புத்தகத்தின் விலை 320 ரூபாய், 500 பிரதி. அட்டை விலையில் 2 சதவீதம் என்றால் பிரதிக்கு 6 ரூபாய் 40 காசு, 500-ம் விற்றால் 3,200. ஒப்பந்தத்தில் 'விலையில்' என்பதற்குப் பதிலாக 'பெற்ற வருவாயில்' என்று எழுதியிருந்தால்? விற்பனையாளருக்கு 40 சதவீதம் கழிவு போனால் பதிப்பாளர் கைக்கு வருவது 192. அதில் 2 சதவீதம் 3 ரூபாய் 84 காசு. மொத்தம் 1,920. சதவீதம் ஒன்றுதான். எதன்மேல் சதவீதம் என்ற ஒரு சொல் 1,280 ரூபாயைத் தின்றுவிட்டது.

இதையும் வாங்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வர வேண்டும். கதை எழுதியவருக்கே வராத கணக்கு அட்டைக்காரனுக்கு வருமா? ஆகவே சின்னப் பதிப்பகங்களிடம் ராயல்டி கேட்காதீர்கள் என்பதே என் கட்சி. அச்சடிக்கும் பிரதிக்கு இவ்வளவு என்று கேளுங்கள். முதல் 500 பிரதிக்கு ஒரு தொகை, அடுத்த 500-க்கு மறுபடி ஒரு தொகை, அச்சுக்குப் போகும் முன்பே. விற்றதா இல்லையா என்று நாம் துப்பறிய வேண்டாம். ஆனால் படமே சரக்காக இருக்கும் இடத்தில், நாட்காட்டி, போஸ்டர், புக்மார்க், ஒளிப்பட நூல், அங்கே மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், ராயல்டி கேளுங்கள். புத்தகத்தை மக்கள் கதைக்காக வாங்குகிறார்கள். ஐந்து ரூபாய் புக்மார்க்கைக் கதைக்காக யாரும் வாங்கவில்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் கேட்டாகிவிட்டது.

"நீங்கதான் முகநூல்ல போட்டீங்களே, பொதுவெளிதானே?" 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தைப் படமெடுத்த டேனியல் மோரல் தன் படங்களை ட்விட்டர் வழியாகப் பகிர்ந்தார். ஏஎஃப்பி செய்தி நிறுவனம் அவற்றை எடுத்து விநியோகித்தது, கெட்டியும் விற்றது. ட்விட்டரில் போட்டதாலேயே எங்களுக்கும் உரிமம் கிடைத்துவிட்டது என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2013-இல் நடுவர் குழு 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் வாசகத்திலும் இதே விஷயங்கள் இருக்கின்றன: உலகம் முழுவதும், ராயல்டி இல்லாமல், பிரத்தியேகம் அல்லாத உரிமம். அதை நாம் கொடுப்பது அந்தக் கம்பெனிக்கு. நந்தனத்தில் கடை போட்டிருப்பவருக்குக் கொடுக்கவில்லை.

"கலைஞன் காசு பேசலாமா?" சே குவேராவின் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு என்னிடம் இதைக் கேட்டார் ஒரு தோழர். அந்தப் படத்தை 1960-இல் ஹவானாவில் எடுத்தவர் ஆல்பெர்டோ கோர்டா. 1967-இல் இத்தாலியப் பதிப்பாளர் ஃபெல்த்ரினெல்லிக்கு இரண்டு பிரதிகளைச் சும்மா கொடுத்தார். போஸ்டராகி உலகம் முழுக்கப் போனது, கோர்டாவுக்கு ராயல்டி வரவில்லை. சேயின் கொள்கையைப் பரப்புபவர்கள் பயன்படுத்துவதில் தனக்கு வருத்தம் இல்லை என்று அவர் சொன்னார். ஆனால் 2000-இல் ஒரு வோட்கா விளம்பரத்தில் அதைப் போட்டபோது வழக்குப் போட்டார். 50,000 டாலருக்கு சமரசம் ஆனது. பணத்தைக் கியூபக் குழந்தைகளின் மருந்துச் செலவுக்குக் கொடுத்துவிட்டார். இலவசமாகக் கொடுப்பவனுக்கும், எதற்குக் கொடுக்கிறேன், எதற்குக் கொடுக்கவில்லை என்று சொல்லும் உரிமை வேண்டும். காசை முடிவாக என்ன செய்வது என்பது அவன் பாடு.

"பேரு போட்டாச்சே." பெயர் போடுவது பிரிவு 57. அது ஆசிரியருக்கு உரிய தனி உரிமை, பதிப்புரிமையை விற்றுவிட்டாலும்கூட நிற்கும். அதை எனக்குக் கொடுத்த கூலியாகக் கணக்கில் எழுத முடியாது. அதே பிரிவில், படைப்பைச் சிதைத்து ஆசிரியரின் மதிப்பைக் கெடுத்தால் எதிர்க்கலாம் என்றும் இருக்கிறது. இடவலம் திருப்பியது சிதைப்பதா என்று வக்கீல் நண்பரிடம் கேட்டேன். "ஒன் மதிப்பு கெட்டுச்சுன்னு ஜட்ஜுகிட்ட நிரூபிக்கணும்டா, முதல்ல ஒனக்கு மதிப்பு இருக்குன்னு நிரூபிக்கணும்" என்று சிரித்தார். அதை விட்டுவிட்டேன்.

வழக்குக்குப் போகவில்லை. ஒப்பந்தத்தைத் திருத்தி அனுப்பினேன். நான் எழுதியது ஏறக்குறைய இவ்வளவுதான்: "இந்த ஒரு படத்தை, இந்த ஒரு தொகுப்பின் தமிழ் அச்சு நூல், மின்னூல் அட்டைக்கு மட்டும், உலகம் முழுவதும், இன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு. தமிழ்ப் புத்தக அட்டை என்ற வகையில் மட்டும் பிரத்தியேகம். 500 பிரதிக்கு 3,000 ரூபாய், ஒவ்வொரு அச்சுக்கும் முன்பாக. காலத்துக்குள் அச்சடித்ததைத் தீரும்வரை விற்கலாம். புக்மார்க், போஸ்டர் தனியாகப் பேச வேண்டும். பிறருக்கு மாற்றித் தரக் கூடாது. படத்தைத் திருப்பவோ வெட்டவோ என்னைக் கேட்க வேண்டும். உரிமை என்னுடையதாகவே இருக்கும்." கேட்டால் கண்டிப்பாகத் தெரியும். வாசித்தால் எட்டு வரி.

ஆங்கிலப் பதிப்பகத்துக்கும் ஒரு மெயில் போட்டேன். மறுநாளே பதில் வந்தது. அனுமதி தமிழ்ப் பதிப்பாளரிடம் இருப்பதாக நினைத்ததாகவும், வருந்துவதாகவும் சொல்லிவிட்டு முதலில் கேட்ட கேள்வியே "எந்த நிலப்பரப்புக்கு, எத்தனை ஆண்டுக்கு?" என்பதுதான். துணைக்கண்டம், ஏழு ஆண்டு, பிரத்தியேகம் இல்லை, 12,000 ரூபாய். மூன்று வாரத்தில் பணம் வந்தது. அவர்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை, அவர்களுடைய சட்டத்துறை இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறது.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டார்: "அந்தம்மாவுக்கு என்ன குடுத்த?" படத்தில் நிற்கும் பெண்ணுக்கு. படத்தின் பதிப்புரிமையில் அவருக்குச் சட்டப்படி பங்கு கிடையாது. எடுக்கலாமா என்று கேட்டேன், தலையாட்டினார், அடுத்த முறை போனபோது பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். எந்தப் புத்தகம், எந்த ஊர், எத்தனை வருடம் என்று அவரிடம் நானும் எதையும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை. ஆங்கிலப் பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு வேதாரண்யம் போனேன். "எதுக்குப்பா இது?" என்றார். முதுகைப் பார்த்து வாங்குகிறார்கள் என்று சொல்லத் தெரியாமல், புத்தகத்தைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறோமோ என்று திருப்பிப் பார்த்தார். வரப்பு அந்தப் பக்கம் ஓடாது என்று அவருக்குத் தெரியும்.

தமிழ்ப் பதிப்பாளர் என் எட்டு வரிக்குப் பதில் போடவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு குறுஞ்செய்தி: "தம்பி, நாலாம் பதிப்புக்கு ஓவியம் போட்டுக்கறோம்." சரி அண்ணே என்று பதில் அனுப்பினேன். பிறகு, அந்த ஓவியருக்கு என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.